மூன்று ஆங்ஸ்ட்ரம்: ரைபோசோமைக் காட்டிய இரு வழிகள்

உயிரணுவில் புரதங்களை உருவாக்கும் ரைபோசோம், ஆர்.என்.ஏ. இழைகளும் ஐம்பதுக்கும் மேற்பட்ட புரதங்களும் பின்னிக்கிடக்கும் ஒரு பெரும் மூலக்கூற்றுத் தொகுதி. பாக்டீரியாவில் அது இரண்டு பாகங்களாக இருக்கிறது. சிறிய பாகத்துக்கு 30S என்றும் பெரிய பாகத்துக்கு 50S என்றும் பெயர். சிறிய பாகத்தில் மட்டும் சுமார் 1,500 எழுத்துகள் கொண்ட ஓர் ஆர்.என்.ஏ. இழையும் இருபது புரதங்களும் உண்டு. இதன் அணு நிலைக் கட்டமைப்பை 2000-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜின் மூலக்கூற்று உயிரியல் ஆய்வகத்தில், சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனின் குழு வெளியிட்டது. கருவி எக்ஸ் கதிர் படிகவியல்; பிரிதிறன் சுமார் 3 ஆங்ஸ்ட்ரம். 2014-இல் அதே ஆய்வகத்தின் இன்னொரு கட்டுரை, ஈஸ்டின் மைட்டோகாண்டிரியாவில் உள்ள ரைபோசோமின் பெரிய பாகத்தைக் காட்டியது. இம்முறை கருவி கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கி, பிரிதிறன் 3.2 ஆங்ஸ்ட்ரம்.

எண்கள் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் அவை அளக்கப்பட்ட விதம் முற்றிலும் வேறு. புரதக் கட்டமைப்பு பற்றிய செய்திகளில் அடிக்கடி வரும் அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை இந்த இரு ரைபோசோம்களை வைத்தே பார்க்கலாம்.

ஒரு மில்லிமீட்டரைக் கோடி பங்காக்கினால் ஒரு பங்கு ஓர் ஆங்ஸ்ட்ரம். இரண்டு கார்பன் அணுக்கள் பிணைந்திருக்கும் தூரம் சுமார் 1.5 ஆங்ஸ்ட்ரம். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 4,000 முதல் 7,000 ஆங்ஸ்ட்ரம் வரை இருப்பதால், எவ்வளவு நல்ல ஒளி நுண்ணோக்கியாலும் அணுக்களைக் காட்ட முடியாது. அலைநீளம் ஓர் ஆங்ஸ்ட்ரம் அளவில் இருக்கும் எக்ஸ் கதிர் வேண்டும். இல்லையென்றால் அதைவிடவும் மிகக் குறுகிய அலைநீளம் கொண்ட, வேகமாகச் செலுத்தப்பட்ட எலக்ட்ரான்கள் வேண்டும்.

எக்ஸ் கதிரில் இரண்டு தடைகள் உண்டு. ஒற்றை மூலக்கூறு சிதறடிக்கும் கதிர் அளந்துகொள்ள முடியாத அளவுக்குச் சொற்பம் என்பது முதல் தடை. அதனால்தான் படிகம் தேவைப்படுகிறது. படிகத்தில் கோடானுகோடி மூலக்கூறுகள் ஒரே திசை நோக்கி, ஒரே இடைவெளியில் அடுக்கப்பட்டிருக்கின்றன. அவை சிதறடிக்கும் அலைகள் பெரும்பாலான திசைகளில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். சில திசைகளில் மட்டும் ஒன்றோடொன்று கூடி வலுப்பெறும். அந்தத் திசைகளில் உணர்கருவியில் புள்ளிகள் விழும். படிகத்தைச் சிறிது சிறிதாகச் சுழற்றிக்கொண்டே படமெடுத்தால் பல்லாயிரம் புள்ளிகள் சேரும்.

அப்படியொரு படிகத்தைப் பெறுவதுதான் இம்முறையின் பெரும்பாடு. தூய்மைப்படுத்திய மாதிரியின் நுண்துளி ஒன்றை உப்போ பாலிமரோ கலந்த கரைசலுடன் சேர்த்து, மூடிய கலத்தில் தொங்கவிடுவார்கள். நீர் மெல்ல ஆவியாகி வெளியேற, துளியின் செறிவு கூடும். சரியான செறிவில், சரியான வெப்பநிலையில், சரியான அமிலத்தன்மையில் மட்டுமே மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும். மற்ற நிலைகளில் வீழ்படிவுதான் மிஞ்சும். எந்த நிலை சரி என்று முன்கூட்டிச் சொல்லக் கோட்பாடு எதுவும் இல்லை. நூற்றுக்கணக்கான கலவைகளை முயன்று பார்க்க வேண்டும். ரைபோசோம் போன்ற பெரிய, அசைவு மிகுந்த தொகுதியைப் படிகமாக்கவே முடியாது என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஆடா யோனாத் 1980 வாக்கில் பாக்டீரிய ரைபோசோமின் பெரிய பாகத்தைப் படிகமாக்கிக் காட்டினார். பிறகு சாக்கடலில் வாழும் உயிரி ஒன்றின் ரைபோசோமிலிருந்து இன்னும் நல்ல படிகங்கள் கிடைத்தன. அவை கதிர் பட்ட உடனேயே சிதைந்ததால், படிகத்தை மிகக் குளிர்ந்த நிலைக்குக் கொண்டுசென்று படமெடுக்கும் வழியையும் அவர் வளர்த்தார். இன்று எல்லாப் படிகவியல் ஆய்வகங்களிலும் அதுவே வழக்கம்.

இரண்டாவது தடை இன்னும் ஆழமானது. எக்ஸ் கதிரைக் குவித்து அணு நிலைப் படமாக்க வல்ல லென்ஸ் கிடையாது. உணர்கருவி ஒவ்வொரு புள்ளியின் வலிமையை மட்டுமே பதிவு செய்கிறது. அந்த அலையின் முகடு எங்கே இருந்தது என்ற தகவலை, அதாவது அலைக்கட்டத்தை, அது பதிவதில்லை. மூலக்கூற்றின் வரைபடத்தை மீட்டெடுக்க வலிமை, கட்டம் இரண்டுமே வேண்டும். படிகத்துக்குள் ஆஸ்மியம் போன்ற கனமான அணுக்களைப் புகுத்தி, அதனால் புள்ளிகளின் வலிமை எப்படி மாறுகிறது என்று பார்த்துக் கட்டத்தைக் கணக்கிடுவது ஒரு வழி. ரைபோசோமைப் பொறுத்தவரை இதற்கே பெரிய சிக்கல் இருந்தது. அவ்வளவு பெரிய தொகுதியில் ஒன்றிரண்டு கன அணுக்களின் குரல் கேட்காது. எனவே யேல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஸ்டைட்ஸும் பீட்டர் மூரும் முதலில் பல கன அணுக்கள் சேர்ந்த கொத்துகளைப் பயன்படுத்தினார்கள். அந்தக் கொத்துகள் படிகத்தில் எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்பதை உறுதி செய்ய அவர்களுக்குக் கைகொடுத்தது யோவாகிம் ஃபிராங்கின் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம். போட்டியாளர்களாகப் பேசப்படும் இரு முறைகளில் ஒன்று, மற்றொன்றின் முதல் வாசலைத் திறந்துவிட்டது. 1998-இல் 9 ஆங்ஸ்ட்ரமில் தொடங்கிய யேல் குழு 2000-இல் பெரிய பாகத்தை 2.4 ஆங்ஸ்ட்ரமில் முடித்தது. ராமகிருஷ்ணன், ஸ்டைட்ஸ், யோனாத் மூவருக்கும் 2009-இல் வேதியியல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

இப்போது பிரிதிறன். ஒவ்வொரு புள்ளியும் ஓர் அலையைக் குறிக்கிறது. அந்த அலைகளையெல்லாம் கட்டம் தவறாமல் ஒன்றின் மேல் ஒன்றாகக் கூட்டினால் மூலக்கூற்றில் எலக்ட்ரான்கள் எங்கெங்கே அடர்ந்திருக்கின்றன என்ற வரைபடம் கிடைக்கும். உணர்கருவியின் மையத்துக்கு அருகில் விழும் புள்ளிகள் அகன்ற அலைகளுக்கு உரியவை. அவை மூலக்கூற்றின் பொது உருவத்தைத் தருகின்றன. மையத்தைவிட்டு விலக விலகப் புள்ளிகள் மேன்மேலும் நெருக்கமான அலைகளுக்கு உரியவை. நுணுக்கங்கள் அவற்றில்தான் இருக்கின்றன. படிகத்தின் அடுக்கு ஒழுங்கு எவ்வளவு கச்சிதமோ அவ்வளவு தூரத்துக்குப் புள்ளிகள் தெரியும். ஒரு கட்டத்துக்கு மேல் அவை இரைச்சலில் மறைந்துவிடும். கணக்கில் சேர்த்த அலைகளில் மிக நெருக்கமானதன் இடைவெளி எவ்வளவோ, அதுவே படிகவியலில் பிரிதிறன். 3 ஆங்ஸ்ட்ரம் என்றால், 3 ஆங்ஸ்ட்ரம் இடைவெளி கொண்ட அலைகள் வரை தரவு நம்பத்தக்கதாக இருந்தது என்று பொருள். எண் சிறியதாக இருந்தால் பிரிதிறன் மேல். 3-லிருந்து 2-க்குச் சென்றால் அலைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய மூன்றரை மடங்காகிறது. அதனால்தான் எண்ணில் சிறிதாகத் தெரியும் வித்தியாசம் வரைபடத்தில் பெரிதாகத் தெரிகிறது.

இது அணுவின் இருப்பிடத்தில் உள்ள பிழையின் அளவு அல்ல. 3 ஆங்ஸ்ட்ரம் கட்டமைப்பில் ஓர் அணு 3 ஆங்ஸ்ட்ரம் தள்ளி இருக்கக்கூடும் என்று புரிந்துகொள்வது தவறு. நல்ல தரவில் பிழை அதில் சிறு பங்குதான். காரணம், வரைபடத்தை மட்டும் வைத்து யாரும் அணுக்களை வைப்பதில்லை. அமினோ அமிலங்களின் பிணைப்பு நீளங்களும் கோணங்களும் சிறு மூலக்கூறுகளின் ஆய்வுகளிலிருந்து ஏற்கெனவே துல்லியமாகத் தெரியும். அந்த வேதியியல் விதிகளை மீறாமல் சங்கிலியை வரைபடத்துக்குள் பொருத்துகிறார்கள். 1.5 ஆங்ஸ்ட்ரம் தள்ளி நிற்கும் இரு கார்பன் அணுக்களை 3 ஆங்ஸ்ட்ரம் வரைபடம் பிரித்துக் காட்டாது. வண்ணப் படங்களில் தனித்தனியாகத் தெரியும் அணுக்கள், பாதி அளவீடும் பாதி முன்னறிவும் சேர்ந்து உருவாக்கியவை.

வரைபடத்தில் எது எப்போது தெரியும் என்பதற்கு ஒரு பொதுவான வரிசை உண்டு. 1958-இல் ஜான் கென்ட்ரூ மையோகுளோபினை 6 ஆங்ஸ்ட்ரமில் பார்த்தபோது, சுருள்கள் தடித்த குழாய்களாக மட்டுமே தெரிந்தன. இரண்டே ஆண்டுகளில் 2 ஆங்ஸ்ட்ரமை எட்டியதும் அந்தக் குழாய்கள் உண்மையில் திருகிச் செல்லும் சங்கிலிகள் என்பது கண்கூடாயிற்று. 4 ஆங்ஸ்ட்ரம் அளவில் சங்கிலியின் போக்கைத் தொடரலாம். பக்கக் கிளைகளில் பருமனானவை மட்டும் தலைகாட்டும். 3-இல் பெரும்பாலான பக்கக் கிளைகளையும் அடையாளம் காணலாம். 2-இல் புரதத்தைச் சுற்றி ஒட்டியிருக்கும் நீர் மூலக்கூறுகள் தெரியும். அணுக்கள் தனித்தனி உருண்டைகளாகத் தெரிவது 1.2-க்கு அருகில்தான்.

3 ஆங்ஸ்ட்ரம் எதற்குப் போதும் என்பதை 30S படிகமே காட்டியது. அடுத்த ஆண்டில் ராமகிருஷ்ணனின் குழு, அந்தப் படிகங்களை மரபுச் செய்தியின் சிறு துண்டும் அதற்குப் பொருந்தும் கடத்தி ஆர்.என்.ஏ.வின் துண்டும் கலந்த கரைசலில் ஊறவைத்துப் பார்த்தது. இரண்டும் சரியாகப் பொருந்திய இடத்தில், ரைபோசோமின் ஆர்.என்.ஏ.வில் உள்ள இரண்டு அடினின்கள் உள்ளிருந்து வெளியே புரண்டு, பொருத்தத்தின் வடிவத்தைத் தொட்டுச் சரிபார்ப்பது தெரிந்தது. தவறான அமினோ அமிலம் சேராமல் ரைபோசோம் பார்த்துக்கொள்ளும் வழிகளில் இது முதன்மையானது. ஒரு முழு எழுத்தே புரண்டுவிடும் இப்படிப்பட்ட நகர்வைக் காண 3 ஆங்ஸ்ட்ரம் தாராளம். அங்கே ஹைட்ரஜன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் அந்த வரைபடம் பதில் சொல்லாது.

கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படிகம் வேண்டாம். மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள, நுண்துளைகள் நிறைந்த வலைத்தகட்டின் மேல் சில மைக்ரோலிட்டர் கரைசலை விடுவார்கள். உறிஞ்சுதாளால் அதிகப்படியான நீரை ஒற்றியெடுத்ததும் துளைகளில் மிக மெல்லிய நீர்ப்படலம் மட்டும் நிற்கும். அந்தக் கணமே தகட்டைச் சுமார் −180 டிகிரி செல்சியஸில் இருக்கும் திரவ ஈத்தேனுக்குள் பாய்ச்சுவார்கள். நீர் மூலக்கூறுகள் பனிப் படிகமாக அடுக்கிக்கொள்ளக்கூட நேரமில்லாமல் கண்ணாடிபோல் உறைந்துவிடும். மூலக்கூறுகள் கரைசலில் எப்படி மிதந்தனவோ அப்படியே, ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோணத்தில் சிறைப்பட்டு நிற்கும். இதை 1980-களின் தொடக்கத்தில் சாத்தியமாக்கியவர் ஜாக் டூபோஷே. ஃபிராங்க், ரிச்சர்ட் ஹெண்டர்சன் ஆகியோருடன் 2017-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர்.

எலக்ட்ரானைக் குவிக்கக் காந்த லென்ஸ்கள் இருக்கின்றன. எனவே நேரடியாகப் படமே கிடைக்கும், அலைக்கட்டம் தொலைவதில்லை. படிகவியலாளர்களை ஆண்டுக்கணக்கில் வாட்டிய சிக்கல் இங்கே இல்லை. தடை வேறிடத்தில் இருக்கிறது. எலக்ட்ரான்கள் மூலக்கூற்றைத் தகர்க்கும். ஒரு சதுர ஆங்ஸ்ட்ரமுக்குச் சில பத்து எலக்ட்ரான்களுக்கு மேல் செலுத்தினால் பார்க்க வந்த பொருளே இருக்காது. அவ்வளவு குறைந்த எலக்ட்ரான்களால் எடுத்த படத்தில் ரைபோசோம், மணல்போல் இறைந்த இரைச்சலுக்கு நடுவே மங்கிய கறையாகத்தான் தெரியும். ஆகவே பல்லாயிரம் மூலக்கூறுகளின் படங்களைப் பொறுக்கியெடுத்து, ஒவ்வொன்றும் எந்தக் கோணத்தில் கிடந்தது என்று கணினியால் கண்டறிந்து, அனைத்தையும் சேர்த்துச் சராசரி எடுக்கிறார்கள். இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கும். எல்லாப் படங்களுக்கும் பொதுவான உருவம் எழுந்து வரும்.

நெடுங்காலம் இந்த எழுச்சி போதுமான அளவு இல்லை. ஃபிராங்கின் 1995 ரைபோசோம் 25 ஆங்ஸ்ட்ரமில் நின்றது. எலக்ட்ரானை முதலில் ஒளியாக்கிப் பிறகு பதிவுசெய்த பழைய உணர்கருவிகள் நுணுக்கத்தை மங்கச் செய்தன. கற்றை பட்டதும் உறைந்த படலம் சற்றே நகர்வது இன்னொரு காரணம். 2012-ஐ ஒட்டி எலக்ட்ரானை நேரடியாக எண்ணும் உணர்கருவிகள் வந்தன. அவை ஒரே படத்துக்குப் பதிலாகத் தொடர் படங்களாக எடுத்ததால், நகர்வைக் கணினியில் திருத்திக்கொள்ள முடிந்தது. கேம்பிரிட்ஜின் அதே ஆய்வகத்தில் ஷோர்ஸ் ஷேரெஸ் எழுதிய `RELION` மென்பொருள், இரைச்சலுக்கும் உருவத்துக்கும் உரிய எடையைப் புள்ளியியல் முறையில் பங்கிட்டது. 2013-இல் முப்பதாயிரம் படங்களே அணு நிலைக்கு அருகில் செல்லப் போதும் என்று அங்கே காட்டினார்கள். அதற்கடுத்த ஆண்டு வந்ததுதான் மைட்டோகாண்டிரியா ரைபோசோம்: 39 புரதங்கள், அவற்றில் 13 மைட்டோகாண்டிரியாவுக்கே உரியவை, ஏறக்குறைய முழு மாதிரியும் வரைபடத்திலிருந்தே புதிதாகக் கட்டப்பட்டது. படிகம் எதுவும் வளர்க்கப்படவில்லை.

இந்த 3.2 எப்படி வந்தது? நுண்ணோக்கிப் படத்தில் புள்ளிகள் இல்லை. எனவே எந்த இடத்தில் தரவு இரைச்சலில் மறைகிறது என்று நேரடியாகப் பார்க்க இயலாது. மூலக்கூற்றுப் படங்களைத் தொடக்கத்திலேயே இரண்டு பாதிகளாகப் பிரித்து, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் இரண்டு வரைபடங்களைக் கட்டுகிறார்கள். பிறகு இரண்டையும் அலைகளாகப் பிரித்து ஒப்பிடுகிறார்கள். அகன்ற அலைகளில் இரண்டும் ஏறக்குறைய முழுமையாக ஒத்துப்போகும். ஒப்புமை எண் 1-ஐ ஒட்டி இருக்கும். அலைகள் நெருங்க நெருங்க ஒப்புமை சரிந்து பூஜ்ஜியத்தை நோக்கிச் செல்லும். அது 0.143-ஐத் தொடும் இடத்தில் உள்ள அலையின் இடைவெளியே அறிவிக்கப்படும் பிரிதிறன். விசித்திரமாகத் தெரியும் இந்த எண்ணுக்குக் கணக்கு உண்டு. பாதி வரைபடங்கள் தமக்குள் அந்த அளவு ஒத்துப்போனால், இரண்டையும் சேர்த்த முழு வரைபடம் பிழையற்ற வரைபடத்தோடு 0.5 அளவு ஒத்துப்போகும் என்று 2003-இல் பீட்டர் ரோசென்தாலும் ஹெண்டர்சனும் காட்டினார்கள்.

ஆக, படிகவியலின் 3 ஆங்ஸ்ட்ரம் தரவு எதுவரை எட்டியது என்பதைச் சொல்கிறது. நுண்ணோக்கியின் 3.2 ஆங்ஸ்ட்ரம், ஒரே சோதனையின் இரு பாதிகள் எதுவரை உடன்பட்டன என்பதைச் சொல்கிறது. உடன்பாடு எப்போதும் உண்மையாகாது. ஹெண்டர்சன் 2013-இல் எழுதிய எச்சரிக்கைக் கட்டுரை இதற்கு மறக்க முடியாத சான்று. வெறும் இரைச்சல் படங்கள் ஆயிரத்தை எடுத்து, ஒவ்வொன்றையும் ஐன்ஸ்டீன் புகைப்படத்தோடு அதிகம் பொருந்தும்படி நகர்த்தி, சராசரி எடுத்தால் ஐன்ஸ்டீன் முகமே தோன்றும். தரவில் முகம் இல்லை. தேடியவர் கொடுத்த மாதிரிதான் திரும்பி வந்தது. இரண்டு பாதிகளையும் ஒரே மாதிரியை வைத்துப் பொருத்தினால் இரண்டிலும் அதே பொய் முகம் இருக்கும், ஒப்புமையும் உயர்வாக வரும். பாதிகளைத் தொடக்கத்திலேயே பிரித்துவிட வேண்டும் என்ற விதி இதற்காகத்தான்.

ஒரே எண்ணில் மறைந்துபோவது இன்னொன்றும் உண்டு. நுண்ணோக்கி வரைபடத்தில் மூலக்கூற்றின் உறுதியான மையம் 2.8 ஆங்ஸ்ட்ரமில் இருக்கலாம், அசையும் விளிம்பு 6-இல் இருக்கலாம். அறிவிக்கப்படும் எண் மொத்தத்தின் சராசரி. மூலக்கூறுகள் நீர்ப்படலத்தின் மேற்பரப்பில் ஒட்டி ஒரே பக்கமாகப் படுத்துவிட்டால், ஒரு திசையில் வரைபடம் கூர்மையாகவும் மற்றொரு திசையில் இழுபட்டும் இருக்கும். படிகத்தில் அசையும் பகுதிகள் வரைபடத்திலிருந்தே காணாமல் போவதுண்டு. அங்கே மாதிரியில் இடைவெளி விடுவதே நேர்மையான செயல்.

படிகவியலும் பொய் சொல்லியிருக்கிறது. 2001-இல் ஒரு பாக்டீரியாவின் கடத்துப் புரதம் 4.5 ஆங்ஸ்ட்ரமில் வெளியாகிப் பெரிதும் பேசப்பட்டது. 2006-இல் சுவிஸ் குழு ஒன்று உறவுப் புரதத்தின் கட்டமைப்பை 3 ஆங்ஸ்ட்ரமில் வெளியிட்டபோது இரண்டும் ஒத்துப்போகவில்லை. முதல் குழுவின் சொந்த மென்பொருள் தரவின் இரு நிரல்களை இடம்மாற்றி வைத்ததால், வரைபடமே கண்ணாடிப் பிம்பம்போல் திரும்பியிருந்தது. ஐந்து கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. நல்ல பிரிதிறனில் சுருள் வலமாகத் திருகுகிறதா இடமாகத் திருகுகிறதா என்பது பளிச்சென்று தெரியும். 4.5-இல் அது தெளிவாகத் தெரியாததால், தவறு ஐந்து ஆண்டுகள் ஒளிந்திருந்தது.

மாதிரி சரிதானா என்று பார்க்கத் தனிச் சோதனைகள் இருக்கின்றன. படிகவியலில் புள்ளிகளில் ஐந்து முதல் பத்து சதவீதத்தை ஒதுக்கிவைத்து, மாதிரியைத் திருத்தும்போது அவற்றைத் தொடாமல், கடைசியில் மாதிரி அவற்றையும் சரியாக முன்னுரைக்கிறதா என்று பார்ப்பார்கள். இரு முறைகளுக்கும் பொதுவான சோதனை சென்னையில் பிறந்தது. 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், தம்மோடு பணியாற்றிய சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து, புரதச் சங்கிலியின் இரு திருகு கோணங்களில் எவை சாத்தியம் என்று கணக்கிட்டு வரைந்தார். அணுக்கள் ஒன்றையொன்று இடிக்கும் கோணங்களில் ஒரு மாதிரியின் பல அமினோ அமிலங்கள் கிடந்தால், பிரிதிறன் எண் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த மாதிரியைச் சந்தேகிக்க வேண்டும்.

இன்று எதை எங்கே எடுப்பது என்பதில் பெரிய குழப்பம் இல்லை. சிறு புரதங்கள் நுண்ணோக்கியின் இரைச்சலில் தொலைந்துவிடுகின்றன. அவற்றுக்குப் படிகமே வழி. ஒரே புரதத்தில் நூற்றுக்கணக்கான மருந்துத் துணுக்குகள் ஒட்டுகின்றனவா என்று விரைவாகப் பார்க்கவும் படிகத்தை ஊறவைப்பதே எளிது. பெரிய தொகுதிகள், சவ்வுப் புரதங்கள், சிறிதளவே கிடைப்பவை, ஒரே நேரத்தில் பல நிலைகளில் இருப்பவை எல்லாம் நுண்ணோக்கியிடம் போய்விட்டன. படிகம் மூலக்கூற்றை ஒரே நிலையில் பூட்டிவிடுகிறது. நுண்ணோக்கியோ கலவையில் உள்ள நிலைகளைக் கணினியில் பிரித்தெடுக்கிறது. பிரிதிறனில் படிகத்துக்கு இருந்த தனிச்சிறப்பும் முன்போல் இல்லை: 2020-இல் இரண்டு குழுக்கள் அப்போஃபெரிட்டின் என்ற உறுதியான புரதத்தை நுண்ணோக்கியால் சுமார் 1.2 ஆங்ஸ்ட்ரமில் பார்த்தன. ரைபோசோம்போல் அசையும் தொகுதியில் அந்த எண்ணை எதிர்பார்க்க முடியாது.

இந்தக் கட்டமைப்புகளை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். `rcsb.org` தளத்தில் 30S படிகம் `1J5E` என்ற குறியீட்டிலும், மைட்டோகாண்டிரியா ரைபோசோம் `3J6B` என்ற குறியீட்டிலும் இருக்கின்றன. பிரிதிறன் எண்ணோடு நின்றுவிடாமல், அதனருகே உள்ள சரிபார்ப்பு அறிக்கையையும் திறந்து பார்ப்பது நல்லது.